அத்திக்குள்ளே பூ

ரெங்கசாமி அந்த வார்த்தையைச் சொன்னபோது கூலி வீட்டு வரிசையான லயத்து முற்றத்தில் பதினைந்து பேராவது நின்றிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை, வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டு இல்லாத பகல். தெமோதரைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வேடிக்கை பார்க்க வேறு ஒன்றும் இல்லாத நாள். முற்றத்து நடுவே அவனுடைய தங்கை பாக்கியலெட்சுமி நின்றாள். ஏழு மாத வயிறு. பக்கத்தில் அவள் புருஷன் வடிவேல், கொஸ்லந்தையில் மாட்டு வண்டி ஓட்டுகிறவன், தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலையும் இருந்தன.

போன வருஷம் அவள் சொல்லாமல் கொள்ளாமல் வடிவேலோடு போய்விட்டாள். ரெங்கசாமி அவளைப் பெரிய கங்காணியின் தம்பி மகனுக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தான். வாக்கும் போயிற்று, தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கூட்டத்தில் அவனுக்கிருந்த மரியாதையும் போயிற்று. அதைவிட அவனைத் தின்றது வேறொன்று. அவனுக்குப் பதினாலு வயதிலும் அவளுக்கு ஐந்து வயதிலும் இந்த இலங்கைச் சீமைக்கு வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்கு நடந்த வழியில், காட்டுக்குள் நாலு நாள் இடைவெளியில் அப்பனும் ஆத்தாளும் வாந்திபேதியில் போனார்கள். மிச்ச வழி முழுக்க அவளைத் தோளில் தூக்கி வந்தவன் அவன். அப்படித் தூக்கி வந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் உள்ளே கிடந்து அறுத்தது.

"அண்ணே, தலைப்பிள்ள. நீ வந்து ஒரு வாய் கட்டுச்சோறு போட்டா போதும்" என்றாள் அவள்.

ரெங்கசாமி வாசற்படியை விட்டு இறங்கவில்லை.

"அத்தி பூக்கட்டும். பூத்த அன்னிக்கு ஒன் வாசலுக்கு வாறேன். அதுவரைக்கும் எனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி இல்ல."

கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அத்தி பூப்பதை யார் கண்டது? பூக்காமலே காய்க்கிற மரம் அது. அபூர்வமாக ஒன்று நடந்தால் அத்தி பூத்தாற்போல என்கிறோம். நடக்கவே நடக்காது என்றால் அத்தி பூக்கட்டும் என்கிறோம். பாக்கியலெட்சுமிக்கும் அது தெரியும். ஆனால் அவளும் அவன் வளர்த்த பிள்ளைதான். அவனுடைய வீம்பில் பாதி அவளிடமும் இருந்தது.

"சரிண்ணே. பூத்தா சொல்லி அனுப்பு" என்று சொல்லிவிட்டு, வாழைப்பழச் சீப்பைப் புருஷன் கையிலிருந்து வாங்கிப் படியில் வைத்துவிட்டு நடந்தாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலாம் வருஷம்.

இரண்டு வருஷம் கழித்து அந்தத் தோட்டத்துக்குப் புதுத் துரை ஒருவர் வந்தார். நெட்டை ஆள், எந்நேரமும் சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி. வந்த மாதமே அவருக்குப் பூச்சித் தொரை என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாலை நாலு மணிக்குத் தோட்ட வேலை முடிந்தால் வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த மனிதர் ஒரு நாள் கீழ் ஓடைக் கரையில் நின்ற அத்தி மரத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து மற்றப் பூச்சிகளையெல்லாம் விட்டுவிட்டார்.

மரம் ஏற ஓர் ஆள் வேண்டும், நடுங்காத கையுள்ள ஆள், என்று கேட்டார். கவாத்துக் கத்தி பிடித்த கை என்று கணக்கப்பிள்ளை ரெங்கசாமியைக் காட்டிவிட்டார்.

வேலை வினோதமாக இருந்தது. அத்திக்கு அடிமரத்திலும் பெருங்கிளையிலும் கொத்துக் கொத்தாகக் காய் பிடிக்கும். வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு கொத்திலிருந்தும் ஒரு காய் பறித்து, எந்த நாள், எந்தக் கொத்து என்று அடையாளம் கட்டித் துரையிடம் கொண்டுபோக வேண்டும். சில கொத்துகளுக்கு, காய் மிளகுப் பருவத்தில் இருக்கும்போதே மல்துணிப் பை கட்டி வாயை இறுக்க வேண்டும். ஏன் எதற்கு என்று ரெங்கசாமி கேட்கவில்லை. துரைமார் காரியத்துக்குக் காரணம் கேட்டு யாருக்கு என்ன ஆகப் போகிறது?

மூன்றாவது வாரம் துரை அவனைப் பங்களாப் பின்வராந்தாவுக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு பிஞ்சு, சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிது, பாதியாக அறுத்து வைத்திருந்தது. அறுத்த இடத்தில் பால் கசிந்துகொண்டிருந்தது. பூதக்கண்ணாடியை அவன் கையில் கொடுத்தார்.

"நீ பாரு. என்ன தெரியுது?"

ரெங்கசாமி குனிந்து பார்த்தான். காயின் நடு வெறும் குழி. குழியைச் சுற்றி உட்சுவர் முழுக்க, ஒரு நூல் இடைவெளி இல்லாமல், ஆயிரம் இருக்கும், மெல்லிய மெல்லிய முளைகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு சிறு முட்டு, தலையில் ஒரு மயிரிழை. எல்லாம் குழியைப் பார்த்துத் தலைநீட்டி நின்றன.

"நாரு மாதிரி இருக்குங்க தொரை."

"நாரு இல்லே. பூ. எல்லாம் பூ." துரை தோட்டத் தமிழைக் கடித்துக் கடித்துப் பேசுவார். "இது காய் இல்லே, பழமும் இல்லே. பூக்கூடை. கூடையை உள்பக்கமா மடிச்சு வாயைக் கட்டினா எப்படி? அப்படி. மத்த மரம் பூவை வெளியே காட்டுது. அத்தி உள்ளே வெச்சுப் பூக்குது."

ரெங்கசாமி பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தான்.

"அத்தி பூக்குதுங்களா தொரை?"

"பூக்காமே காய் எப்படி வரும்? இந்த மரம் வருஷத்திலே மூணு நாலு தடவை பூக்குது."

அன்று லயத்துக்குத் திரும்புகிற வழியில் ஓடைப் பாலத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். தன் வார்த்தைக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று முதலில் நெஞ்சு துள்ளியது உண்மை. நாளைக்கே கிளம்பினால் நாளை மறுநாள் கொஸ்லந்தை. ஆனால் எழுந்து நடக்க நடக்க வேறு நினைப்பு வந்தது. போய் என்ன சொல்வது? அத்தி பூத்துவிட்டது என்றா? முற்றத்தில் நின்ற பதினைந்து பேரும் கைகொட்டிச் சிரிப்பார்கள். தங்கச்சியைப் பார்க்க ஆசைப்பட்டுக் கதை கட்டினான் என்பார்கள். நான் சொன்னது கண்ணுக்குத் தெரிகிற பூ. காய்க்குள் ஒளிந்திருப்பதையெல்லாம் பூவென்று எப்படிச் சேர்ப்பது? இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு லயத்துக்கு வந்தவன், பெண்சாதி ஜெயலெட்சுமியிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மாதமே ஹாஷிம் நானா வந்தார். துணிப் பொட்டணியைத் தோளில் போட்டுக்கொண்டு பதுளையிலிருந்து கொஸ்லந்தை வரைக்கும் தோட்டம் தோட்டமாக நடக்கிற வியாபாரி. துணியோடு சேதியும் கொண்டு வருவார்.

"ஒங்கட தங்கச்சிக்குப் பொம்புளப் புள்ள. வயசு ஒண்டு ஆகிட்டு. அங்கம்மான்னு பேரு. காது குத்தணும், தாய்மாமன் மடி வேணுமாம்" என்றவர், சிரித்துக்கொண்டே சேர்த்தார்: "அத்தி பூத்திச்சான்னு கேட்டுட்டு வரச் சொல்லிச்சு."

அங்கம்மா அவன் ஆத்தாளின் பெயர். ரெங்கசாமி வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தான்.

"இன்னும் பூக்கலன்னு சொல்லுங்க நானா."

அதுதான் முதல் பொய். சொல்ல எவ்வளவு சுலபமாக இருந்தது என்று பின்னால் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறான்.

துரையின் வேலை வளர்ந்துகொண்டே போனது. பிஞ்சின் நுனியில் ஊசித் துளைபோல ஒரு வாய் இருப்பதையும், அதைச் செதில் செதிலாக இலைகள் அடைத்திருப்பதையும் ரெங்கசாமி கண்டான். பூ தயாராகிற இரண்டு மூன்று நாளில் எங்கிருந்தோ பொடிப் பூச்சிகள் வரும். கொசுவைவிடச் சிறிசு, கறுப்பு. துரை அதைக் குளவி என்றபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது. குளவி என்றால் கொட்டுகிறதல்லவா? இது கையில் ஊர்ந்தால் தெரியவே தெரியாது. ஆனால் அதன் காரியம் பெரிது. அந்தச் செதில்களுக்கு ஊடே முண்டி முண்டி நுழையும். நுழையும்போது இறக்கை இரண்டும் பிய்ந்து வாயிலேயே நின்றுவிடும். பிய்ந்த இறக்கைகளைப் பூதக்கண்ணாடியில் அவனே பார்த்தான்.

"எறக்க போச்சே தொரை. எப்படித் திரும்பி வரும்?"

"வராது. உள்ளேயே சாகும்."

வருகிற குளவி வேறொரு அத்தியிலிருந்து மகரந்தப் பொடியைச் சுமந்து வருகிறது. உள்ளே பூவுக்குப் பூ நடந்து பொடியைச் சேர்க்கிறது. சில பூக்களில் முட்டையும் வைக்கிறது. முட்டை விழுந்த பூவில் குளவிக் குஞ்சு வளர்கிறது. மற்றப் பூவில் விதை வளர்கிறது. மல்துணி கட்டின கொத்துகளில் அறுபது காய் இருந்தன. ஒரு குளவியும் உள்ளே போக முடியவில்லை. அறுபதும் பழுக்காமல் வெம்பி விழுந்தன. துரை ஒவ்வொன்றையும் எண்ணி எழுதினார். ரெங்கசாமிக்கு அது புதுமையாக இருந்தது. பழத்தில் பூச்சி விழுந்தது என்று சின்ன வயதிலிருந்து திட்டி எறிந்தோமே, அந்தப் பூச்சி வராவிட்டால் பழமே இல்லையா?

ஒரு நாள் துரையின் மனைவி, துரைசாணி, கொழும்பிலிருந்து வந்த அத்திப்பழப் பெட்டியைத் திறந்தார்கள். துருக்கி தேசத்துப் பழம், தட்டையாக அமுக்கிக் காயவைத்தது. துரை சாப்பாட்டு மேசையில் குளவிக் கதையைச் சொன்னாராம். துரைசாணி பெட்டியைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்விட்டார்கள். மறுநாள் பின்வராந்தாவில் துரை நாற்பது பழத்தை அறுத்து அறுத்துப் பார்த்தார். ரெங்கசாமி தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாற்பதிலும் மணல்போல நெறுநெறுக்கிற விதைதான். செத்த குளவி ஒன்றுகூட அகப்படவில்லை.

"இந்தச் சாதியிலே சாப்பிடுற பழம் தனி மரம். குளவி உள்ளே போகும், பூவுக்குப் பொடி குடுக்கும், முட்டை வெக்க முடியாது, செத்துக் கரைஞ்சு போகும். குஞ்சு வளர்றது வேறே மரத்துக் காயிலே. சில சாதி குளவி இல்லாமலே பழுக்குது" என்றார் துரை. பிறகு ஓடைக் கரைப் பழம் ஒன்றை எடுத்துப் பிளந்தார். அதில் இறக்கையில்லாத மஞ்சள் குளவிகள் பத்திருபது செத்துக் கிடந்தன. "நம்ம அத்தி அப்படி இல்லே. பூச்சியும் விதையும் ஒரே வீட்டிலே. ஆண் குளவிக்கு இறக்கையே கிடையாது. முதல்லே பிறக்கும், பொம்பளைக் குளவிக்கு வழி தோண்டும், உள்ளேயே சாகும். பொம்பளை பொடியை எடுத்துகிட்டு அந்த வழியிலே பறந்து போகும். அப்புறம்தான் பழம் சிவக்குது."

துரைசாணி அதற்குப் பிறகும் அந்தப் பெட்டியைத் தொடவில்லை என்று சமையற்கார அப்பு சொன்னான். மிச்சப் பழமெல்லாம் அப்புவின் வீட்டுக்குப் போயிற்று.

இப்படியே ஒவ்வொரு போகமும் வந்தது, போனது. மரம் பூப்பதை முதலில் கண்டு துரைக்குச் சேதி சொல்கிறவனே ரெங்கசாமிதான். "தொரை, பூத்திருச்சுங்க" என்று பங்களா வாசலில் சொல்லுவான். அதே வாயால் லயத்து வாசலில் ஹாஷிம் நானாவிடம் "பூக்கல" என்பான். குழந்தைக்கு மூன்று வயதானபோது மறுபடியும் சேதி வந்தது. ஒற்றைப் படை வயதில் குத்தணும், இந்த வருஷமாவது மாமன் வருமா, அத்தி பூத்துச்சா?

அன்று ஜெயலெட்சுமி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நானா போனதும் வெளியே வந்தாள்.

"ஏங்க, நேத்து கூட்டாளிகிட்ட, அத்திப் பூவு காய்க்குள்ள இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப பூக்குதுல்ல?"

"அது வேற, இது வேற."

"எது வேற? புள்ளைக்கு மாமன் மடி வேணும். மரத்துக்கும் அதுக்கும் என்னா?"

"வாய மூடு" என்றான். ஜெயலெட்சுமி அடுப்படிக்குத் திரும்பினாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் மடி காலியாகத்தான் கிடந்தது.

அடுத்த போகத்தில் போகலாம், மழை விடட்டும், கொழுந்து குறையட்டும் என்று அவனும் உள்ளுக்குள் தவணை சொல்லிக்கொண்டுதான் இருந்தான். போகவேண்டும் என்ற ஆசை இல்லாமல் இல்லை. போகிறபோது தலை நிமிர்ந்து போகவேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

ஹாஷிம் நானா கொஞ்ச காலம் வரவில்லை. ஊருக்குப் போனார், காலில் நோவு என்றார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, தொள்ளாயிரத்துப் பத்தாம் வருஷம் தை மாதம் ஒரு மத்தியானம் பொட்டணியோடு வந்து நின்றார். ஜெயலெட்சுமிக்கு பூப்போட்ட சீத்தைத் துணி ஒன்று காட்டினார். விலை பேசினார். வெற்றிலை போட்டார். பொட்டணியைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

"கொஸ்லந்தைப் பக்கம் போகலியா நானா?" என்றான் ரெங்கசாமி.

"போன கெழமதான் போய் வந்தன்."

"ஒண்ணும் கேக்கலியா?"

நானா முடிச்சைப் போட்டுக்கொண்டே இருந்தார். "இல்ல தம்பி. இந்த முற ஒண்டும் கேக்கல." பிறகு எழுந்து பொட்டணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல், "நீங்க ஒருக்கா போய்ப் பாருங்க" என்றார்.

அவள் கேட்கவில்லை என்பது ரெங்கசாமியை அப்படி உலுக்கும் என்று அவனே நினைத்ததில்லை. அன்றே துரையிடம் போய் நாலு நாள் லீவு கேட்டான். துரை வழிச்சீட்டு எழுதிக் கொடுத்தார். வெறுங்கையோடு போகக்கூடாது, வார்த்தையைக் காப்பாற்றிப் போகிறவனாகப் போகவேண்டும் என்று அப்போதும் அந்தப் புத்தி விடவில்லை. ஓடைக்கு இறங்கினான். மரத்தில் பூப்பருவம் கடந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. காயெல்லாம் முற்றி, குளவி வெளியே வருகிற தறுவாயில் இருந்தது. அடுத்த பூவுக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். ஆனாலும் இந்தப் பருவத்திலும் காய் வாய்க்குப் பக்கத்தில் ஆண் பூ இருக்கும், பொடி உதிர்க்கும், அது அவனுக்குத் தெரியும். அது போதும் என்று எட்டுக் காயைப் பறித்து ஈரத்துணியில் முடிந்து, கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

எல்ல, பண்டாரவளை, பூனாகலை என்று ஏறி இறங்கி இரண்டாம் நாள் பின்னேரம் கொஸ்லந்தைக்குப் போய்ச் சேர்ந்தான். வண்டிக்காரர் வீடுகள் சாலையோரம் ஒரு வரிசையாக இருந்தன. வடிவேல் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான். இவனைக் கண்டதும் புல்லைக் கீழே போட்டுவிட்டு, "வாங்க மச்சான்" என்றான். குரலில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை.

பாக்கியலெட்சுமி வாசலுக்கு வந்தாள். இடுப்பில் ஒரு வயதுப் பையன். பையன் காதில் புதுத் தோடு மினுக்கியது. காது மடல் இன்னும் சிவந்திருந்தது.

"வாண்ணே" என்றாள். செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

ரெங்கசாமிக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. வழியெல்லாம் பேசிப் பார்த்த பேச்சுத்தான் வாயில் வந்தது. கூடையை இறக்கி, "அத்தி பூத்துருச்சு பாக்கியம். கொண்டாந்துருக்கேன், பாரு" என்றான்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். அத்திப் பூ என்றால் யாருக்கு ஆசை இராது? ரெங்கசாமி முடிச்சை அவிழ்த்தான். இரண்டு நாள் வெயிலும் புழுக்கமும் வேலையைக் காட்டிவிட்டிருந்தன. துணியெல்லாம் எள் கொட்டியதுபோலக் கறுப்புக் குளவிகள்; வழியிலேயே வெளியே வந்து, போக இடமில்லாமல் செத்துக் கிடந்தன. காய்கள் சிவந்து மெத்தென்று ஆகியிருந்தன. கத்தியால் ஒன்றைப் பிளந்தான். உள்ளே செத்த மஞ்சள் பூச்சிகள், விதை, பொடி. வாயோரத்து ஆண் பூக்கள் வதங்கிச் சருகாக ஒட்டிக் கிடந்தன. தெரிந்தவன் கண்ணுக்குத்தான் அது பூ.

"பூன்னு சொல்லிப் பூச்சியக் கொண்டாந்திருக்கீங்களே மச்சான்" என்றான் வடிவேல். பக்கத்து வீட்டு ஆள் ஒருவர், அத்திப் பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று சிரித்தார்.

ரெங்கசாமிக்கு முகம் சுட்டது. நாலு வருஷமாகக் கையில் பிடித்துப் பார்த்த உண்மை, அதைப் பார்த்துச் சிரிக்க விடுவானா?

"சிரிக்காதீங்க. பூ இல்லாத எடத்துக்கு இந்தக் குளவி ஏன் போவுது? அதச் சொல்லுங்க பாப்பம்!" என்றான். பிறகு நிறுத்தவில்லை. பிஞ்சுக்குள் ஆயிரம் பூ உட்பக்கம் பார்த்து நிற்பதை, தாய்க் குளவி இறக்கையைப் பறிகொடுத்து நுழைவதை, பொடி சேர்ப்பதை, முட்டை வைப்பதை, அங்கேயே சாவதை, ஆண் குளவி வழி தோண்டிவிட்டுச் செத்துப்போவதை எல்லாம் சொன்னான். "இங்க செத்துக் கெடக்கிற ஒவ்வொண்ணும் பூ இருந்ததுக்குச் சாச்சி. இந்தா, இந்த வெதை ஒவ்வொண்ணும் ஒரு பூவு. மல்துணி கட்டிக் குளவிய வெளிய நிறுத்திப் பாத்தோம், அறுபது காயும் வெம்பிப் போச்சு. என் கையால கட்டினது. அத்தி பூக்காதுன்னு ஒலகம் சொல்லுது, பொய்யி. வருசத்துக்கு மூணு தடவ, நாலு தடவ பூக்குது!"

சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு ஆள் குனிந்து விதையைத் தொட்டுப் பார்த்தார். ரெங்கசாமி தங்கையைத் திரும்பிப் பார்த்தான். அவள் பழத்தைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் யாருண்ணே சொன்னா?"

"எங்க தொரை. கண்ணாடி வெச்சுக் காட்டினாரு."

"எப்ப காட்டினாரு?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பொய் சொல்லலாம். போன மாதம் என்று சொல்லலாம். ஆனால் அறுபது காயையும் நாலு வருஷத்துப் போகங்களையும் இப்போதுதான் தன் வாயாலேயே அள்ளிக் கொட்டியிருந்தான்.

"ஆறாம் வருசம்" என்றான்.

அவள் உதடு மெல்ல அசைந்தது. எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

"அப்ப மொத தடவ நானாகிட்டச் சொல்லி அனுப்பினப்பவே ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"ரெண்டாந் தடவையும் தெரியும்."

ரெங்கசாமி தலையை ஆட்டினான்.

"பன்னெண்டு பதிமூணு தடவ பூத்துருக்கு" என்றாள் பாக்கியலெட்சுமி. கத்தவில்லை. விலை விசாரிக்கிறவள் குரலில் சொன்னாள். "பூக்காத மரத்துக்காகக் காத்திருக்கோம்னு நெனச்சேண்ணே. ஒனக்கும் வேற வழி தெரியல, வார்த்தய விட்டுட்ட, மாட்டிக்கிட்டன்னு நெனச்சேன். ஒம்மேல கோவமே வரல எனக்கு."

"புள்ள எங்க?" என்றான் ரெங்கசாமி. "பெரியவ, அங்கம்மா?"

வடிவேல்தான் பதில் சொன்னான். "எட்டாம் வருசம் ஐப்பசியில போயிட்டா மச்சான். காய்ச்சலு. நாலு நாளு."

"எனக்கு யாரும் சொல்லலியே."

"சொல்ல வேணாம்னு நாந்தான் சொன்னேன்" என்றாள் அவள். "காது குத்தாமலே போனா. மாமன் மடியில ஒக்காந்துதான் குத்துவேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியும். கேட்டா, எங்க மாமா அத்திப் பூ கொண்டு வரும்னு சொல்லும்." இடுப்புப் பையனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "இவனுக்குக் காத்திருக்கல. இவரு கூட்டாளி ஒருத்தரு மடியில வெச்சு, போன வாரம் குத்தியாச்சு."

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக நகர்ந்துவிட்டார்கள். ரெங்கசாமி செத்த குளவிகளோடு துணியை மறுபடி முடிந்தான். ஒரு வார்த்தையை எடுத்துப்போட அவனுக்கு ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதில் நாலு வருஷம், எடுத்துப்போடலாம் என்று தெரிந்தும் போடாத வருஷம்.

"நான் போறேன் பாக்கியம்" என்றான்.

"இரு. சோறு ஆவுது" என்றாள் அவள். உள்ளே போய்விட்டாள். அடுப்பில் விறகு முறிகிற சத்தம் கேட்டது.

வடிவேல் கயிற்றை எடுத்து மாட்டைக் கட்டினான். பிறகு, "வாங்க மச்சான், காட்டுறேன்" என்று சொல்லிச் சாலையைத் தாண்டி நடந்தான். ரெங்கசாமி பின்னால் போனான். தேயிலை முடிகிற இடத்தில், சரிவில், தோட்டத்தார் புதைக்கிற இடம். முள்முருங்கைக் கம்பு ஒன்று தலைமாட்டில் நட்டது துளிர்த்து ஆள் உயரம் வளர்ந்திருந்தது. மேடு சின்னது. புல் மூடியிருந்தது.

ரெங்கசாமி உட்கார்ந்து புல்லைப் பிடுங்கத் தொடங்கினான். வடிவேல் சற்றுத் தள்ளிக் குந்தினான். கீழே அருவிச் சத்தம் காற்றோடு வந்து வந்து போனது. பாதி மேடு சுத்தமான பிறகு ரெங்கசாமி கேட்டான்.

"புள்ள யாரு சாடை மாப்பிள்ள?"

வடிவேல் யோசித்தான். "நெத்தியும் கண்ணும் எங்க ஆளுக சாடைதான். நடைதான் யாருன்னு தெரியாம இருந்துச்சு. ஒரு தோளச் சாச்சுக்கிட்டு நடக்கும். இன்னிக்கு நீங்க சாலையில ஏறி வந்தத தூரத்துல பாத்தேன். அப்பத்தான் தெரிஞ்சுது."

ரெங்கசாமி மிச்சப் பாதியையும் பிடுங்கி முடித்தான். பிறகு வீட்டிலிருந்து பாக்கியலெட்சுமி சாப்பிடக் கூப்பிட்டாள். முதலில் வடிவேல் எழுந்தான்.